ஊசி முடிந்து இரண்டு நாள் கழித்து ஒரு கட்டிங்: மச்சானுக்கு நடந்தது என்ன? எந்த ஆன்டிபயாட்டிக்கோடு மது உண்மையிலேயே ஆகாது?

பாபநாசம்_வாத்தியார்

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லி விவரம் கேட்கத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மச்சானுக்கு 46 வயது. எட்டு வருடமாகச் சர்க்கரை. அறுவடை நேரத்தில் வயலில் தாள் குத்தி, காலில் புண் பெரிதாகிச் சீழ் வைத்துவிட்டது. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். புண்ணைச் சுத்தம் செய்து, காலையும் இரவும் நரம்பு ஊசி, ஐந்து நாள். சனிக்கிழமை காலை கடைசி ஊசி போட்டு மத்தியானம் வீட்டுக்கு அனுப்பினார்கள். புண்ணை நனைக்காதே, சர்க்கரையைப் பார்த்துக்கொள் என்று சொன்னார்கள். குடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

திங்கள்கிழமை சாயந்திரம் பங்காளி ஒருவர் வீட்டில் கிடா வெட்டு. மச்சான் தினமும் குடிப்பவர் இல்லை, இந்த மாதிரி விசேஷத்துக்கு மட்டும்தான். நாலு பேர் ஒரே பாட்டிலைத் திறந்தார்கள். முதல் ரவுண்டு, 60 மில்லி இருக்கும். டம்ளரைக் கீழே வைத்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முகமும் கழுத்தும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது, கண்ணும் சிவப்பு. "நெஞ்சு படபடன்னு அடிக்குது, தலை வெடிக்குது" என்றார். எழுந்து நின்றவர் அப்படியே சுவரோடு சரிந்து வாந்தி எடுத்தார். வேட்டி வியர்வையில் நனைந்து போனது.

காரில் போட்டுக்கொண்டு ஓடினோம். பிரஷர் 80/50, நாடித்துடிப்பு 128. ஈசிஜி, ரத்தப் பரிசோதனை இரண்டும் பார்த்து மாரடைப்பு இல்லை என்றார்கள். சர்க்கரை 142. இரண்டு பாட்டில் சலைன் ஏறியது. நாலு மணி நேரத்தில் ஆள் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றார்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டரம்மா டிஸ்சார்ஜ் காகிதத்தை வாங்கிப் பார்த்து, ஊசியின் பெயரைப் பேனாவால் வட்டம் போட்டு, "இதுக்கும் சரக்குக்கும் சண்டை" என்றார். ஊசி செஃபோபெரசோன்-சல்பாக்டம், ஒன்றரை கிராம். ஊசி முடிந்து இரண்டரை நாள் ஆன பிறகும் இப்படி வருமா? எல்லா ஆன்டிபயாட்டிக்கும் இப்படித்தானா?

மெடிக்கல்_தம்பி

வாத்தியாரே, நான் மன்னார்குடில மெடிக்கல்ல ஏழு வருசமா நிக்கிறேன். எந்த ஆன்டிபயாட்டிக் குடுத்தாலும் "சரக்கு கூடாது" அப்படின்னு சொல்லித்தான் குடுப்போம். சரக்கு உள்ள போனா மாத்திரையோட பவர் போயிரும். அப்புறம் புண்ணு ஆறாது, காய்ச்சல் விடாது. உங்க மச்சானுக்கு ஆனது அலர்ஜியா இருக்கும்னு நெனைக்கிறேன். ஊசி ரெண்டரை நாள் உடம்புல நிக்காது. அது அடுத்த நாளே வெளிய போயிரும்.

வெண்ணாறு

எனக்கு என்னமோ சரக்கில்தான் கோளாறு என்று தோன்றுகிறது. 2024-ல் கள்ளக்குறிச்சியில் என்ன நடந்தது என்று பார்த்தோம் அல்லவா? மீதி இருந்த பாட்டிலைப் பத்திரமாக எடுத்து வைத்தீர்களா சார்?

பாபநாசம்_வாத்தியார்

வெண்ணாறு சார், எங்களுக்கும் முதலில் அந்தப் பயம்தான். ஆனால் அதே பாட்டிலில் குடித்த மற்ற மூன்று பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள். காருக்குப் பின்னாடியே வண்டியில் வந்து சேர்ந்தது அவர்கள்தான்.

வார்டு_மருந்தாளுநர்

வணக்கம் சார். நான் ஆஸ்பத்திரி வார்டில் மருந்தாளுநர். 19 வருட வேலையில் இதே காட்சியை நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். அந்த டாக்டரம்மா வட்டம் போட்டது சரியான இடத்தில்தான்.

முதலில், ஏன் இது அலர்ஜியோ கள்ளச் சரக்கோ இல்லை என்று பார்ப்போம். மெத்தனால் கலந்த சாராயம் பத்து நிமிடத்தில் முகத்தைச் சிவக்க வைக்காது. அது உடம்புக்குள் விஷமாக மாறப் பல மணி நேரம் ஆகும். பெரும்பாலும் அரை நாளோ ஒரு நாளோ கழித்துத்தான் கண் மங்குவதும் மூச்சு வாங்குவதும் தொடங்கும். அலர்ஜி என்றால் பொதுவாக அரிப்பு, தடிப்பு, உதடு வீக்கம், இழுப்பு என்று ஏதாவது ஒன்று தெரியும். மச்சானுக்கு அதெல்லாம் இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. சர்க்கரைக்காரருக்குக் குடித்த பிறகு வியர்த்துப் படபடத்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம் என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பார்த்திருக்கிறார்கள், 142 இருந்திருக்கிறது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

நம் ஊர்ப் பாஷையில் சொல்கிறேன். குடித்த சாராயத்தை ஈரல் இரண்டு படியாக உடைக்கிறது. முதல் படியில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாறும். இரண்டாவது படியில் அது வினிகரில் இருக்கும் அமிலமாக மாறி, உடம்பு அதைச் சுலபமாகச் செலவழித்துவிடும். ஒரு வாய்க்காலில் மேல் மதகு, கீழ் மதகு என்று இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் திறந்திருந்தால் தண்ணீர் தேங்காது. செஃபோபெரசோன் கீழ் மதகை அடைத்துவிடுகிறது. மேல் மதகு வழியாக வந்துகொண்டே இருக்கிறது, போக வழியில்லை. தேங்குகிற அந்த அசிட்டால்டிஹைடுதான் ரத்தக் குழாய்களை விரியவைத்து முகத்தைச் சிவக்க வைக்கிறது, பிரஷரை இறக்குகிறது, இதயத்தை ஓடவிடுகிறது, வாந்தி வரவைக்கிறது.

இப்போது தம்பி கிளப்பிய சந்தேகம், நியாயமான சந்தேகம். ஊசி மருந்து உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடும் என்று அவர் சொன்னது முழுக்க உண்மை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் பாதியாகக் குறையும். மறுநாள் தேடினாலும் கிடைக்காது. ஆனால் அடைபட்ட மதகு தானாகத் திறக்காது. கீழ் மதகாக வேலை செய்யும் நொதி பாழாகிவிட்டது, ஈரல் புதிதாகச் செய்து வைத்தால்தான் உண்டு. அதற்குச் சில நாள் பிடிக்கும். அதனால்தான் கடைசி ஊசி முடிந்து ஐந்தாவது நாள் வரைக்கும்கூட இது வரலாம் என்று மருந்தின் விவரக் குறிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். மச்சானுக்கு இரண்டரை நாளில் வந்தது அந்தக் கணக்குக்குள்தான்.

மெடிக்கல்_தம்பி

அக்கா, மதகு கணக்கு நல்லாப் புரிஞ்சுது. நான் சொன்னது தப்புன்னு ஒத்துக்கிறேன். ஆனா எல்லா ஆன்டிபயாட்டிக்கும் மதகை அடைக்காதா? அப்ப அமாக்ஸிசிலின் குடுக்கும்போது நாங்க சொல்றது என்ன கணக்கு?

வார்டு_மருந்தாளுநர்

அடைக்காது தம்பி. அமாக்ஸிசிலின், அஸித்ரோமைசின், செஃபலெக்ஸின் இதெல்லாம் அந்த நொதியின் பக்கமே போகாது. செஃபோபெரசோனும் செஃபலெக்ஸினும் ஒரே குடும்பம்தான். ஆனால் செஃபோபெரசோனின் மூலக்கூறில் பக்கவாட்டில் ஒரு வால் ஒட்டியிருக்கிறது, மதகை அடைப்பது அந்த வால்தான். வால் இல்லாத செஃப் மருந்துகளுக்கு இந்தக் குணம் இல்லை. அதே வாலுக்கு வைட்டமின் கே-யோடும் தகராறு உண்டு. நீண்ட நாள் போட்டால் ரத்தம் உறையும் நேரத்தைச் சில வார்டுகளில் சோதிப்பது அதற்காகத்தான்.

அமாக்ஸிசிலின் எடுக்கிறவர் குடித்தால் மருந்து வீணாகாது. காய்ச்சலோடு குடித்தால் தூக்கம் கெடும், தண்ணீர் வற்றும், மாத்திரை நேரம் மறந்துபோகும். "கூடாது" என்பதற்கு அது போதுமான காரணம்தான், ஆனால் அது மருந்துக்கும் மதுவுக்கும் நடக்கும் சண்டை இல்லை.

"பவர் போயிரும்" என்று நீங்கள் சொன்னதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. டாக்ஸிசைக்ளின் மாத்திரை, நடவு சமயத்தில் எலிக்காய்ச்சலுக்கு நம் பக்கம் நிறையக் கொடுப்பார்களே, அது. வருடக்கணக்காகத் தினமும் குடிக்கிறவர் உடம்பில் அது சீக்கிரமாகக் கழிந்துவிடும். அவர்களுக்கு ரத்தத்தில் மருந்தின் அளவு போதாமல் போகலாம். எப்போதாவது ஒரு நாள் குடிக்கிறவருக்கு அப்படி இல்லை.

வெண்ணாறு

மேடம், விளக்கத்துக்கு நன்றி. ஆனால் எல்லாரும் முதலில் சொல்லிப் பயமுறுத்துவது மெட்ரோனிடசோலைத்தானே? பேதி மாத்திரை, பல் வலி மாத்திரை. அதைப் பற்றி நான் தேடிப் படித்திருக்கிறேன். 2002-ல் பின்லாந்தில் 12 ஆரோக்கியமான ஆண்களை வைத்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு ஐந்து நாள் மெட்ரோனிடசோல், மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை, பிறகு எல்லாருக்கும் சாராயம். ரத்தத்தில் அசிட்டால்டிஹைடு ஏறவே இல்லை. பிரஷர், நாடி எதிலும் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2021-ல் வெளியிட்ட பால்வினை நோய் வழிகாட்டியிலும் மெட்ரோனிடசோல் எடுக்கும்போது மதுவைத் தவிர்க்கத் தேவையில்லை என்றே எழுதிவிட்டார்கள். அறுபது வருடமாகக் கட்டுக்கதையைச் சொல்லி வந்திருக்கிறோம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வார்டு_மருந்தாளுநர்

நீங்கள் சொன்ன இரண்டும் சரி சார். அந்த ஆய்வு எனக்கும் தெரியும். ஆனாலும் "கட்டுக்கதை" என்ற வார்த்தையை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 12 பேர், எல்லாரும் இளவயது, நோய் இல்லாதவர்கள். வார்டுக்கு வருகிறவர் சர்க்கரை, பிரஷர் மாத்திரை, ஈரல் வீக்கம் என்று வருகிறார். மெட்ரோனிடசோல் எடுத்துக் குடித்து முகம் சிவந்து வந்தவர்களைப் பற்றித் தனித்தனியாக டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றில் எத்தனை மருந்தால் வந்தது, எத்தனை வெறும் அதிகக் குடியால் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மெட்ரோனிடசோல் தனியாகவே வாயில் இரும்பு ருசியும் குமட்டலும் கொடுக்கும். அதன் மேல் பிராந்தி போனால் வாந்தி வருவதற்கு மதகு அடைபட வேண்டியதே இல்லை.

என் நிலை இது. மெட்ரோனிடசோல் நடுவில் தெரியாமல் ஒரு பீர் குடித்துவிட்டேன் என்று பதறி வருகிறவரிடம், பதறாதீர்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொல்வேன். முன்கூட்டியே கேட்கிறவரிடம், மாத்திரை முடிந்து இரண்டு நாள் பொறுங்கள், டினிடசோல் என்றால் மூன்று நாள் என்பேன். டினிடசோல் உடம்பில் அதிக நேரம் தங்கும். ஒரு ஐந்து நாள் கோர்ஸுக்கு இந்த எச்சரிக்கையால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

நஷ்டம் வேறு இடத்தில் வருகிறது. "மாத்திரை போட்டால் குடிக்கக் கூடாது" என்று நாம் சொன்னதை, "குடிக்கணும்னா மாத்திரை போடக் கூடாது" என்று திருப்பிப் போட்டுக்கொள்கிறார்கள். ஏழு நாள் மாத்திரையில் சனி, ஞாயிறு விட்டுப்போகிறது. எந்த மருந்தோடு உண்மையில் சண்டை, எதோடு இல்லை என்று பிரித்துச் சொல்லாததால் வருகிற வினை இது. வார்டில் சீட்டு எழுதும்போது என்னை உறுத்துவது இதுதான்.

மெடிக்கல்_தம்பி

அக்கா சொன்னது எங்க கவுண்டர்ல தினமும் நடக்குது. ஞாயித்துக்கிழமை காலையில வந்து "நேத்து மாத்திரை போடல தம்பி, கொஞ்சம் சாப்ட்டேன், ரெண்டையும் இப்ப சேத்துப் போடவா"ன்னு கேப்பாங்க. அப்புறம் ஒரு சந்தேகம். பேதிக்கு நாங்க அதிகம் தர்றது ஆஃப்லாக்ஸசின்-ஆர்னிடசோல் சேந்த மாத்திரை. ஆர்னிடசோலும் அந்தக் குடும்பம்தானே?

வார்டு_மருந்தாளுநர்

அதே குடும்பம்தான். ஆனால் ஆர்னிடசோல் அந்த நொதியை அடைப்பதில்லை என்று சில நாட்டு விவரக் குறிப்புகளிலேயே இருக்கிறது. வேறு சில குறிப்புகள் மது வேண்டாம் என்கின்றன. இதில் எல்லாரும் ஒத்துப்போகவில்லை. என்னைக் கேட்டால், பேதிக்காரருக்கு ஏற்கெனவே தண்ணீர் வற்றியிருக்கும், சரக்கு இன்னும் வற்ற வைக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே மூன்று நாள் நிறுத்தச் சொல்வேன். இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. சாதாரணப் பேதிக்கு முதலில் ஓஆர்எஸ் கொடுங்கள். சீட்டு இல்லாமல் அந்த இரட்டை மாத்திரையைக் கிழித்துக் கொடுப்பது சரியில்லை.

திருத்துறைப்பூண்டி_மருமகள்

அக்கா, படிச்சுக்கிட்டே வந்தேன். எனக்கு ஒண்ணு தோணுது, தப்பா நெனைக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் தினமும் ஒரு குவார்ட்டர் இல்லாம தூங்க மாட்டார். எவ்வளவோ சொல்லிப் பாத்தாச்சு. அந்த மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடி பண்ணி சாம்பார்ல போட்டுட்டா, குடிச்சதும் வாந்தி வந்து விட்டுருவாருல்ல? எங்க தெருவுல ஒரு அக்கா எங்கேயோ பொடி வாங்கி அப்படித்தான் பண்றாங்க.

வார்டு_மருந்தாளுநர்

அம்மா, உங்கள் கஷ்டம் புரிகிறது. தப்பாக நினைக்க இதில் ஒன்றுமில்லை. இந்த எண்ணம் உங்களுக்கு முன்னால் டாக்டர்களுக்கே வந்திருக்கிறது. 1964-ல் மெட்ரோனிடசோல் கொடுத்த நோயாளிகளுக்குக் குடி ஆசை குறைகிறது என்று ஒரு டாக்டர் எழுத, பல இடங்களில் குடிநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை, விட்டுவிட்டார்கள். நீங்கள் சாம்பாரில் போட்டால் அவருக்கு நாக்கில் கசப்பும் இரும்பு ருசியும்தான் மிஞ்சும். வாரக்கணக்கில் போட்டால் கால் நரம்பு கெடலாம்.

தெருவில் அந்த அக்கா வாங்கும் பொடியில் டைசல்ஃபிராம் இருந்தால் அது இதைவிடப் பயங்கரம். அது வேலை செய்கிற மருந்து. டென்மார்க்கில் ஹால்டு, யாகப்சன் என்ற இருவர் அதைக் குடற்புழுவுக்குச் சோதிக்கத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு குடித்தபோதெல்லாம் முகம் சிவந்து படபடத்தது. 1948-ல் அதைக் குடிநோய் மருந்தாக அறிவித்தார்கள். செஃபோபெரசோன் அடைக்கும் அதே மதகைத்தான் அதுவும் அடைக்கிறது. ஆனால் நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும் அதன் வேகம் இருக்கும். தெரிந்து எடுக்கிறவர் ஒரு வாய்கூடக் குடிக்க மாட்டார். தெரியாமல் சாப்பாட்டில் விழுங்குகிறவர் வழக்கமான குவார்ட்டரை முழுசாகக் குடிப்பார். வாத்தியார் மச்சான் 60 மில்லியில் 80/50-க்கு இறங்கினார். உங்கள் வீட்டுக்காரர் 180 மில்லி. இதயம் பலவீனமாக இருந்தால் அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தினமும் குடிக்கிறவர் பட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, பேய் பிடித்த மாதிரி உளறல் வரலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லாமல் பார்ப்பார்கள். அவரை அழைத்துப் போக முடியாவிட்டாலும் நீங்கள் மட்டும் முதலில் போய்ப் பேசுங்கள். தயவுசெய்து சாப்பாட்டில் எதையும் கலக்காதீர்கள்.

திருத்துறைப்பூண்டி_மருமகள்

சரிக்கா. கலக்க மாட்டேன். அந்த அக்காகிட்டயும் சொல்றேன்.

குடந்தை_பேரன்

மருந்தாளுநர் அக்காவுக்கு ஒரு கேள்வி. எங்கள் ஆச்சி தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தசமூலாரிஷ்டம் 30 மில்லி குடிப்பார். பாட்டிலில் தானாக உண்டான ஆல்கஹால் 5 முதல் 10 சதவீதம் என்று போட்டிருக்கிறது. ஆச்சி வாழ்க்கையில் சரக்கைத் தொட்டதில்லை, சொன்னால் அடிக்க வருவார். போன வருடம் நுரையீரல் சளிக்கு இதே ஊசி போட்டார்கள் என்று ஞாபகம். அரிஷ்டமும் கணக்கில் வருமா?

வார்டு_மருந்தாளுநர்

நல்ல கேள்வி. வரும், ஆனால் அளவைப் பாருங்கள். 30 மில்லி அரிஷ்டத்தில் சாராயம் ஒன்றரை முதல் மூன்று மில்லி. மச்சான் குடித்த 60 மில்லியில், பாட்டிலில் 42.8 சதவீதம் என்று இருக்கும், கிட்டத்தட்ட 26 மில்லி. ஆச்சிக்கு மச்சான் மாதிரி சரிந்து விழும் அளவுக்கு வர வாய்ப்பு குறைவு. முகம் சூடாவது, லேசான படபடப்பு வரலாம். வயதானவருக்கு அதுவும் வேண்டாம். ஊசி போடும் நாட்களிலும் முடிந்த ஐந்து நாளும் அரிஷ்டத்தை நிறுத்திவையுங்கள். "குடிப்பீங்களா" என்று வார்டில் கேட்டால் ஆச்சி இல்லை என்றுதான் சொல்வார், அது பொய்யும் இல்லை. அதனால் பாட்டிலையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். சில இருமல் மருந்திலும் சாராயம் உண்டு.

மூட்டைக்காரன்_நீடாமங்கலம்

எல்லாருக்கும் வணக்கம். நான் நெல் கொள்முதல் நிலையத்துல மூட்டை தூக்குறேன். எனக்கு டிபின்னு சொல்லி ரெண்டு மாசமா தினமும் மாத்திரை குடுக்குறாங்க, இலவசமாத்தான். மொத்தம் ஆறு மாசம்னாங்க. சரக்கு கூடாதுன்னும் சொன்னாங்க. உடம்பு வலிக்கு வாரத்துல ரெண்டு நாள் சாப்டுவேன். அன்னைக்கு மட்டும் மாத்திரையை விட்டுருவேன், ரெண்டும் சேரக் கூடாதுல்ல. இதுவரைக்கும் எனக்கு முகம் சிவக்கல, படபடப்பு வரல. அப்ப எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எடுத்துக்கலாமா? ஒண்ணுக்கு மட்டும் ஆரஞ்சு கலர்ல போகுது. கால் பாதம் ராத்திரில எரியுது.

வார்டு_மருந்தாளுநர்

அண்ணே, நீங்கள் எழுதியது ரொம்ப நல்லதாகப் போயிற்று. இந்த இழையில் எனக்கு அதிகக் கவலை தருவது மச்சான் கேஸ் இல்லை, உங்கள் கேஸ்தான்.

மச்சானுக்கு வந்தது பத்து நிமிடத்தில் ஊரைக் கூட்டும் சண்டை. உங்கள் மாத்திரைக்கும் சரக்குக்கும் நடப்பது சத்தமே வராத சண்டை. ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைடு, இந்த மூன்றும் ஈரலைத் தொடக்கூடியவை. சரக்கும் ஈரலைத்தான் தொடும். முகம் சிவக்காது, நெஞ்சு அடிக்காது. வாரக்கணக்கில் உள்ளே வீங்கிக்கொண்டே வரும். முதலில் தெரிவது பசி போவது. சோற்றைப் பார்த்தாலே வெறுப்பு, குமட்டல், வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம், காரணம் இல்லாத அசதி. கண் மஞ்சளாகும்போது ரொம்பத் தூரம் போயிருக்கும். இதில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடுவதற்கு முன்னால் மாத்திரை தரும் மையத்துக்குப் போய்விடுங்கள்.

ஒண்ணுக்கு ஆரஞ்சாகப் போவது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. அது ரிஃபாம்பிசின் நிறம், மாத்திரை உள்ளே போகிறது என்பதற்கு அடையாளம். இதனால் ஒரு சிக்கலும் உண்டு. மஞ்சள் காமாலையிலும் ஒண்ணுக்கு நிறம் மாறும், உங்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒண்ணுக்கைப் பார்க்காதீர்கள். காலையில் வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நின்று, கீழ் இமையை இழுத்துக் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள்.

பாதம் எரிவது ஐசோனியசிட் நரம்பைத் தொடுவதால் இருக்கலாம். குடிக்கிறவருக்கு அது சீக்கிரம் வரும். பைரிடாக்சின் என்ற வைட்டமின் மாத்திரை சேர்த்தால் பெரும்பாலும் குறையும். அதையும் மையத்தில் சொல்லுங்கள்.

வாரத்துக்கு இரண்டு நாள் மாத்திரையை விடுவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள் அண்ணே. இப்படி விட்டுக்கொண்டே போனால் கிருமி அந்த இடைவெளியில் மருந்துக்குப் பழகிவிடலாம். பழகிவிட்டால் இந்த ஆறு மாத மாத்திரை கேட்காது. அதற்குப் பிறகு வரும் மருந்துகள் இன்னும் நீளம், இன்னும் கடுமை. குடித்துவிட்டோமே என்று ஒளிக்காமல் மையத்தில் இருக்கும் பணியாளரிடம் இவ்வளவு குடிக்கிறேன் என்று அப்படியே சொல்லி ஈரல் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள். திட்டினாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மெடிக்கல்_தம்பி

அண்ணே, உடம்பு வலிக்குப் பாராசிட்டமால் வாங்குறதா இருந்தா அதையும் அவங்ககிட்ட கேட்டுட்டு வாங்குங்க. அதுவும் ஈரல் வழியாத்தான் போகுது, நெறைய போடக் கூடாது. இது எனக்கு உறுதியாத் தெரியும்.

வார்டு_மருந்தாளுநர்

சரியாகச் சொன்னீர்கள் தம்பி.

பாபநாசம்_வாத்தியார்

எத்தனை விஷயம் தெரியாமல் இருந்திருக்கிறோம். இன்று மச்சானைப் புண் கட்டு மாற்ற அழைத்துப் போனேன். சேர்த்திருந்த அதே மருத்துவமனைதான். டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். ஊசி போடும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார். "அவர் குடிப்பார்னு யாரும் சொல்லலையே" என்றும் சொன்னார். அதுவும் உண்மைதான். சேர்க்கும்போது கேட்டார்கள், என் தங்கை பக்கத்தில் நின்றதால் மச்சான் இல்லை என்று தலையாட்டிவிட்டார். குடிப்பீர்களா என்று கேட்டு, இல்லை என்றால் விட்டுவிடுவதை விட, இந்த ஊசி போடும் எல்லாருக்கும் காகிதத்தில் ஒரு வரி அச்சடித்துக் கொடுத்துவிடலாம் என்று கேட்டேன். பார்க்கிறேன் என்றார்.

வெண்ணாறு

நான் இன்னும் மெட்ரோனிடசோல் விஷயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை மேடம். ஆதாரம் இல்லாத எச்சரிக்கையும் ஆதாரம் உள்ள எச்சரிக்கையும் ஒரே எழுத்தில், ஒரே குரலில் வரும்போது ஜனங்கள் இரண்டையும் சேர்த்தே அலட்சியம் செய்கிறார்கள். ஆனால் செஃபோபெரசோனும் டிபி மாத்திரையும் வேறு வகை என்று ஒத்துக்கொள்கிறேன்.

வார்டு_மருந்தாளுநர்

உங்கள் பயத்தில் பாதி என் பயமும்தான் சார். மெட்ரோனிடசோலில் நாம் இருவரும் ஒத்துப்போக வேண்டுமானால் ஈரல் கெட்டவர்களையும் வயதானவர்களையும் வைத்து ஒரு பெரிய சோதனை நடக்க வேண்டும். அதுவரைக்கும் நான் இரண்டு நாள் என்றுதான் சொல்வேன்.

மூட்டைக்காரன்_நீடாமங்கலம்

அக்கா, நேத்து போயிட்டு வந்தேன். நீங்க சொன்ன மாதிரியே எல்லாத்தையும் சொல்லிட்டேன். அந்தம்மா திட்டல. ரத்தம் எடுத்தாங்க. ஈரலுக்குப் பாக்குற எஸ்ஜிபிடி 96 இருக்கு, 40-க்குள்ள இருக்கணுமாம். மூணு மடங்கு தாண்டல, வாந்தியும் பசியின்மையும் இல்லைங்கிறதால மாத்திரையைத் தொடரச் சொல்லிட்டாங்க. ரெண்டு வாரத்துல திரும்ப எடுக்கணும். கால் எரிச்சலுக்குச் சின்ன மாத்திரை ஒண்ணு சேத்திருக்காங்க. இன்னைக்கு ராத்திரி செட்டோட போகாம வீட்டுக்கு வந்துட்டேன். காலையில கண்ணாடில கண்ணைப் பாத்தேன், வெள்ளையாத்தான் இருக்கு.